எழுதியிருந்தபடியே

மீன்சுருட்டி என்ற ஊருக்குப் பக்கத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம். முதலாம் இராஜேந்திரன் எழுப்பிய அந்தக் கோயில் போன்ற இடங்களில் கல்வெட்டைப் படியெடுக்க, கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி, மேலே மை ஒற்றுவார்கள். அந்த மைப்படியைப் படித்து அச்சுக்குத் தரும்போது ஒரு சிக்கல் வரும். வெட்டியவர் பிழையாக வெட்டியிருந்தால் என்ன செய்வது? திருத்தினால் கல்லில் இல்லாததைக் கல் மேல் ஏற்றியதாகும். அப்படியே விட்டால், பதிப்பாளர்தான் தவறாகப் படித்தார் என்று வாசகர் நினைப்பார்.

இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க வந்ததுதான் [sic]. லத்தீனில் இதற்கு 'இவ்வாறே' என்று பொருள். 'மூலத்திலேயே இப்படித்தான் இருக்கிறது, நான் மாற்றவில்லை' என்று மேற்கோள் காட்டுபவர் தரும் சாட்சி இது. சதுர அடைப்புக்குள் இருப்பது மூலத்தில் இல்லாத, அவர் சேர்த்த சொல். வளைவு அடைப்பு மூலத்திலேயே இருக்கக்கூடும் என்பதால் அது இதற்கு உதவாது. தமிழில் 'உள்ளபடி' என்றும் போடலாம்.

ஒரு பழைய நிலப் பத்திரத்தில் 'வாய்க்காலுக்குக் கிளக்கு' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேற்கோளில் 'வாய்க்காலுக்குக் கிளக்கு [sic]' என்று பிழைக்கு ஒட்டியே குறி வரவேண்டும். வாக்கியக் கடைசியில் போட்டால் எந்தச் சொல்லைச் சொல்கிறோம் என்பது தெரியாது. 'கிழக்கு' என்று ஓசைப்படாமல் திருத்திவிட்டால், எழுதியவர் ழகரத்தை ளகரமாக உச்சரித்திருக்கலாம் என்ற தடயமும் அழிந்துவிடும்.

ஆனால் புதிதாய்த் தெரிவதெல்லாம் பிழையல்ல. பழங்கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி கிடையாது. எகர ஏகாரக் குறில் நெடில் வேறுபாடும் இராது. 'மீன்சுருட்டி' என்று வெட்ட நினைத்தாலும் கல்லில் 'மீனசுருடடி' என்றே விழுந்திருக்கும். அது அக்கால எழுத்து வழக்கம். அங்கே [sic] போட்டால் பிழை போட்டவருடையது. அதே கல்லில் ஒரு 'டி' முழுதாக விடுபட்டிருந்தால்தான் அது வெட்டியவரின் தவறு. ஆக, குறியைப் போடுவதற்கு முன் அந்தக் காலத்து வழக்கம் தெரிந்திருக்க வேண்டும்.

கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஸ் 1890இல் முதல் தொகுதியைக் கொண்டுவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசை வேறொரு வழியைக் கையாண்டது. பிழையை வாசகத்தில் அப்படியே அச்சிட்டு, 'இதை இப்படி வாசிக்க' என்று அடிக்குறிப்பில் திருத்தம் தந்தார்கள். [sic] பிழையைச் சுட்டும், திருத்தம் சொல்லாது. அடிக்குறிப்பு இரண்டையும் செய்யும்.

அன்றாடக் கட்டுரையில் அற்ப எழுத்துப்பிழைக்கெல்லாம் [sic] போட்டால் எழுதியவரைக் குத்திக்காட்டுவதாகிவிடும். அத்தகைய இடத்தில் மேற்கோளை விட்டு, கருத்தை நம் சொல்லில் சொல்லிவிடலாம். போடுவதானால், மூலத்தை ஒருமுறை திரும்பப் பார்த்துவிட்டுப் போட வேண்டும். பிழை நம் கைத்தவறாக இருந்தால் சாட்சியே பொய்யாகிவிடும்.