மட்டை வாங்குமுன் மோதிர விரலை அளந்து பாருங்கள்

கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் ஒருவர் பிள்ளைக்கு டெனிஸ் மட்டை வாங்கி அனுப்பப் போகிறார் என்றால், அவருக்கு இங்கிருந்து சொல்ல வேண்டிய முதல் விபரம் கைப்பிடியின் அளவு. பார்சலில் வந்த மட்டையைத் திருப்பி அனுப்பி வேறொன்று எடுப்பது இலகுவான காரியமல்ல. அந்த அளவை வீட்டில் ஓர் அடிமட்டத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

விளையாடும் கையைத் திறந்து, விரல்களை நேராக நீட்டி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையின் குறுக்காக இரண்டு பெரிய ரேகைகள் ஓடும். கைரேகை பார்ப்பவர்கள் விரல்களுக்கு அருகிலுள்ளதை இருதய ரேகை என்றும், அதற்குக் கீழே உள்ளதைப் புத்தி ரேகை என்றும் சொல்வார்கள். நமக்கு வேண்டியது கீழே உள்ள புத்தி ரேகைதான். நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையிலுள்ள கோட்டின் வழியே அடிமட்டத்தை வைத்து, அந்த ரேகையிலிருந்து மோதிர விரலின் நுனி வரை அளக்க வேண்டும். நகத்தைச் சேர்க்கக்கூடாது. பெரியவர் ஒருவருக்கு 90 மில்லிமீற்றர் அளவில் விடை வந்தால், பெரும்பாலும் மேல் ரேகையிலிருந்து அளந்திருப்பீர்கள்.

கிடைக்கும் நீளம்தான் கைப்பிடியின் சுற்றளவு. மட்டைகளில் இது இலக்கங்களாகப் பொறிக்கப்பட்டிருக்கும். 0 என்றால் 4 அங்குலம், அதாவது ஏறத்தாழ 102 மி.மீ. அதற்கு மேல் ஒவ்வோர் இலக்கத்துக்கும் 1/8 அங்குலம், கிட்டத்தட்ட 3 மி.மீ. கூடும். எனவே 1 என்பது 105, 2 என்பது 108, 3 என்பது 111, 4 என்பது 114 மி.மீ.

ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் வித்தியாசம் 3 மி.மீ. மட்டுமே என்பதைக் கவனியுங்கள். விரல் சற்று மடங்கியிருந்தாலே முடிவு ஒரு படி மாறிவிடும். ஆகவே மூன்று தடவை அளந்து, நடுவில் வரும் அளவை எடுப்பது நல்லது.

உதாரணமாக, பதினைந்து வயதுப் பிள்ளை ஒருவருக்கு 105, 106, 107 என்று வந்தால் 106 ஐ எடுப்போம். அது 1க்கும் 2க்கும் இடையில் விழுகிறது. இந்த இடத்தில் சிறியதையே தெரிவு செய்ய வேண்டும். ஓவர்கிரிப் எனப்படும் மெல்லிய பட்டியை ஒரு தடவை சுற்றினால் சுற்றளவு ஏறத்தாழ 1.6 மி.மீ. கூடும்; 105 அப்போது 106.6 ஆகிவிடும். பிள்ளையின் கை வளர்ந்தால் இன்னொரு சுற்றுச் சுற்றலாம். பெரிய கைப்பிடியைச் சிறிதாக்குவதற்கு அப்படியொரு வழி இல்லை. இன்றைய மட்டைகள் பலவற்றின் கைப்பிடி வார்க்கப்பட்ட நுரைப் பொருள்; அதைச் சீவினால் எட்டுப் பக்க வடிவமே கெட்டுவிடும்.

மட்டை கைக்கு வந்ததும் இன்னொரு சோதனை செய்யலாம். வழமைபோலப் பிடித்து, விரல் நுனிகளுக்கும் உள்ளங்கையின் அடிச்சதைக்கும் இடையில் மற்றக் கையின் சுட்டுவிரலை நுழையுங்கள். விரல் அளவாகப் பொருந்தினால் சரி. நுழையவே இடமில்லையென்றால் கைப்பிடி சிறியது. விரலுக்குப் பக்கத்தில் மேலும் இடைவெளி தெரிந்தால் பெரியது. போரில் ஏற்பட்ட காயத்தாலோ விபத்தாலோ மோதிர விரல் குறைந்தவர்கள், அல்லது அது முழுதாக நிமிராதவர்கள், அடிமட்ட அளவை விட்டுவிட்டு இந்தச் சோதனையையே நம்பலாம். அவர்களுக்கு அடிமட்டம் தவறான அளவையே காட்டும்.

இந்த அளவீட்டைப் பரவலாக்கியவர் அமெரிக்காவின் வேர்ஜீனியாவைச் சேர்ந்த எலும்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் ரொபேர்ட் நிர்ஷல். முழங்கையின் வெளிப்பக்கத்தில் வரும் 'டெனிஸ் எல்போ' வலிக்குச் சிகிச்சை அளித்தவர் அவர். கைப்பிடி சிறிதாக இருந்தால், பந்து வலையின் நடுவில் படாதபோது மட்டை கைக்குள் திரும்பும். அதைத் தடுக்க இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க முன்கைத் தசை களைக்கும். ஆனால் சரியான கைப்பிடி எடுத்தால் முழங்கை வலி வராது என்று கடைக்காரர் சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். 2006 இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவ சஞ்சிகையொன்றில் வெளியான ஆய்வில், பல்கலைக்கழக வீரர்கள் 16 பேர் நிர்ஷல் அளவிலும், அதைவிட 1/4 அங்குலம் கூடியதிலும் குறைந்ததிலும் பந்தடித்தார்கள். முன்கைத் தசைகள் இயங்கிய விதத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. அவர்கள் வலியில்லாத, பயிற்சி பெற்ற வீரர்கள் என்பதையும் மறக்கக்கூடாது. என் பார்வையில் இந்த அளவு தொடங்குவதற்கு ஒரு நல்ல இடம், அவ்வளவுதான். ஏற்கெனவே முழங்கை வலி உள்ளவர் வைத்தியரைத்தான் பார்க்க வேண்டும்.

பட்மின்டன் மட்டைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதன் கைப்பிடி மெல்லியது. இலக்கமும் பல நிறுவனங்களில் தலைகீழாக ஓடும். ஜி5 என்பது ஜி4 ஐ விட ஒடுங்கியது. வெளிநாட்டுக்கு அளவு அனுப்பும்போது எந்த விளையாட்டுக்கு என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.