ஒன்பது நொடி

கல்யாண வீடியோவில் எதைச் சேர்ப்பது என்று நான் முழித்ததே கிடையாது. மாலை மாற்றல், தாரை வார்த்தல், தாலி, மெட்டி, அக்னி வலம் என்று சடங்குகளே வரிசை போட்டுக் கொடுத்துவிடும். எதை விடுவது என்பதில்தான் தூக்கம் கெடும். போன தை மாதம் மதுரைப் பக்கத்தில் எடுத்த ஒரு கல்யாணத்தில், ஒன்பது நொடி ஓடுகிற ஒரு கிளிப் என்னைப் பத்து நாள் பாடாய்ப் படுத்திவிட்டது.

கேசட் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. வி.எச்.எஸ். கேசட் ஒன்று மூன்று மணி நேரம் ஓடும். அதை நிரப்பவே ஆள் தேட வேண்டும். பந்தியில் அப்பளம் வைப்பது, வாசலில் சந்தனம் கொடுப்பது, மொய் எழுதுகிறவர் பேனாவை உதறுவது எல்லாம் உள்ளே போகும். யார் அழுதாலும் இடம் உண்டு. இப்போதும் இரண்டரை மணி நேரத்துக்கு முழு வீடியோ ஒன்று கொடுக்கிறோம். அதை வீட்டில் ஒருமுறை போட்டுப் பார்ப்பார்கள், அதோடு சரி. ஊர் முழுக்கப் பார்ப்பது ஹைலைட்ஸ்தான். அது நாலரை நிமிஷம். சாயங்காலம் வாட்ஸ்ஆப்பில் போய்விட்டால் ராத்திரிக்குள் துபாயில் இருக்கிற சித்தப்பா வரைக்கும் பார்த்துவிடுவார்.

நாலரை நிமிஷம் என்றால் 270 நொடி. பொண்ணு வீட்டார் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது மெதுவான பாட்டு, நிமிஷத்துக்கு 80 தட்டு. நாலு தட்டுக்கு மூன்று நொடி ஆகும். பாட்டின் தட்டில் வெட்டினால்தான் ஷாட் மாறுவது கண்ணை உறுத்தாது. அதனால் நான் நொடிகளை எண்ணுவதில்லை, மூன்று மூன்று நொடியாகத் தொண்ணூறு கட்டம் என்றுதான் கணக்கு வைப்பேன். சடங்குகளுக்கும் மணமக்களுக்கும் ஐம்பது கட்டம் போய்விடும். மண்டபம், கோலம், நாதஸ்வரக்காரர், மாலை, பட்டு என்று பதினைந்து. சொந்தக்காரர்கள் முகம் பதினைந்து. இதில் தாய்மாமன் விட்டுப்போனால் சண்டை என் கடை வாசலில் நடக்கும். மீதி பத்துக் கட்டத்துக்குள் சிரிப்பு, கேலி, கண்ணீர் எல்லாம் முடிய வேண்டும். மற்ற ஷாட்டுக்கு ஒரு கட்டம் போதும். கண்ணீருக்கு இரண்டு, மூன்று கட்டம் தேவைப்படும். முகம் நிறைவது, அடக்கிப் பார்ப்பது, உடைவது என்று அது வருவதற்கே நேரம் பிடிக்கும்.

இந்தக் கல்யாணத்தில் பொண்ணுக்கு அப்பா இல்லை. நாலு வருஷத்துக்கு முன்பு தவறிவிட்டார். பெரியப்பாவும் பெரியம்மாவும் மணவறையில் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுத்தார்கள். புக்கிங் கொடுக்க வந்த அன்றே பொண்ணு என்னிடம், “அண்ணே, எங்கம்மா நிறைய வரணும்ணே” என்று சொல்லியிருந்தது. முகூர்த்தத்தன்று விடிகாலை நாலரைக்கு பொண்ணு அறையில் லைட் போடும்போது அந்த அம்மா, “என்னைய எடுக்காத தம்பி. பொண்ணு மாப்பிள்ளைய எடு” என்று நகர்ந்து நின்றுகொண்டார். கூச்சத்தில் சொன்னாரா, கட்டளையாகச் சொன்னாரா என்று அப்போது எனக்குப் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. எல்லா அம்மாக்களும் சொல்வதுதானே என்று இருந்துவிட்டேன்.

அழுகை இரண்டு கிடைத்தது.

முதலாவது பெரியப்பாவுடையது. தாரை வார்க்கும்போது சொம்பு பிடித்த கை நடுங்கியது. நிமிர்ந்து, மணவறைக்குப் பக்கத்தில் மாலை போட்டு வைத்திருந்த தம்பி படத்தைப் பார்த்தார். அந்த நேரத்தில் நாதஸ்வரம் சன்னமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஐயர் மனைக்குப் பக்கத்தில் நான் வைத்திருந்த சின்ன ரெக்கார்டரில், “நீ செய்ய வேண்டியதுடா” என்று அவர் முணுமுணுத்தது விழுந்திருந்தது. ஆறு நொடி, இரண்டு கட்டம்.

இரண்டாவதுதான் அந்த ஒன்பது நொடி. கேமராவில் அதன் பெயர் C0147.MP4. கெட்டிமேளம் கேட்டதும் கூட்டம் எழுந்து அட்சதை போடும். அந்த நேரத்தில் ஒரு கேமரா தாலியை விட்டுவிட்டுக் கூட்டத்தின் முகங்களைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. மண்டபத்து ஓரத்தில் நின்ற என் பையன் பெரிய லென்ஸோடு அப்படியே திருப்பியிருக்கிறான். பந்தி ஹாலுக்குப் போகிற வாசல் பக்கம், தூணில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு அந்த அம்மா நிற்கிறார். முதல் நாலு நொடி குதிகாலை எக்கி எக்கி மேடையைப் பார்க்கிறார், முன்னால் எல்லாம் தலைகள். ஐந்தாவது நொடியில் முந்தானை கண்ணுக்குப் போகிறது. ஏழாவதில் முந்தானை இறங்குகிறது. எட்டாவதில் ஒரு சிரிப்பு. அதுவரை மூடியே இருந்த இன்னொரு கை அப்போதுதான் திறந்து அட்சதையை வீசுகிறது. அது மேடைக்கெல்லாம் போகவில்லை, முன்னால் நின்ற இரண்டு பேர் முதுகில் விழுந்தது.

கணவரை இழந்தவர்கள் மணவறைப் பக்கம் போவதில்லை என்பது அந்த வீட்டு வழக்கம். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை, அவராகவே ஒதுங்கிக்கொண்டிருக்கிறார்.

முதலில் நேராக, தாலி ஷாட்டுக்கு அடுத்து அதை வைத்தேன். ஒன்பது நொடியையும் கொடுத்தால் பாட்டு அந்த இடத்தில் ஏறுகிற வேகத்துக்குப் படம் நின்றுபோகிற மாதிரி இருந்தது. ஆறாக்கிப் பார்த்தேன், பாட்டோடு கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் சிரிப்பும் அட்சதையும் போய்விட்டன. மகள் கல்யாணத்தைப் பார்த்துப் பூரித்த அம்மா, ஒளிந்து நின்று அழுகிற அம்மாவாகிவிட்டார். முன்பக்கத்தை வெட்டிப் பின்பக்கத்தை வைத்தாலும் சரிவரவில்லை. எக்கிப் பார்ப்பது இல்லாமல் அந்தச் சிரிப்புக்கு ஒரு அர்த்தமும் இல்லை.

அடுத்து, பெரியப்பா அழுகைக்குப் பின்னால் வைத்துப் பார்த்தேன். அது இன்னும் வம்பு. மேடையில் பெரியப்பா, பெரியம்மா, உடனே தூணுக்குப் பின்னால் அம்மா. அவர் இடத்தில் இவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள் என்று வீடியோ சொல்ல ஆரம்பித்தது. அந்தப் பெரியப்பாதான் மண்டப வாடகையிலிருந்து சமையல்காரர் வரை ஓடி ஓடிப் பார்த்தவர். நூறு வருஷத்துக்கு முன்பு ரஷ்யாவில் குலெஷவ் என்ற இயக்குநர் இதைச் செய்து காட்டினார். ஒரு நடிகரின் உணர்ச்சியே இல்லாத ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப், சவப்பெட்டிக் குழந்தை, ஒரு பெண் என்று மூன்றுக்கும் பக்கத்தில் ஒட்டினார். பார்த்தவர்களுக்கு அந்த முகத்தில் பசியும் துக்கமும் ஆசையும் தெரிந்தன. அது திரையரங்கில் செய்த சோதனை. என் பிழை நேராக ஒரு குடும்பத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மூன்றாவதாகப் பெரியப்பாவை எடுத்துவிட்டு அம்மாவை மட்டும் வைத்தேன். இதுதான் பிரமாதமாக இருந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியாது. முடிந்ததும், “இந்தம்மா யாரு, ஏன் ஒளிஞ்சு நிக்கிறாங்க?” என்றாள். பொண்ணோட அம்மா என்றேன். “அய்யய்யோ” என்றாள்.

அந்த “அய்யய்யோ”தான் துபாயிலும் கேட்கும், திருப்பூரிலும் கேட்கும்.

வால்டர் மர்ச் என்று ஹாலிவுட்டில் ஒரு எடிட்டர். ‘தி இங்கிலீஷ் பேஷன்ட்’ படத்துக்கு எடிட்டிங், ஒலி இரண்டுக்கும் ஆஸ்கர் வாங்கியவர். எங்கே வெட்டுவது என்பதற்கு ஆறு விஷயங்களைச் சொல்லி மார்க் போட்டிருக்கிறார். உணர்ச்சிக்கு மட்டும் 51 சதவீதம். கதை, தாளம், பார்வை போகிற திசை எல்லாம் மீதியைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். அந்தக் கணக்குப்படி C0147 முதல் ரேங்க். நானும் அந்தக் கணக்கை நம்பித்தான் பிழைப்பு நடத்துகிறேன். ஆனால் அவர் வெட்டியது சம்பளம் வாங்கிக்கொண்டு அழுதவர்களை. எனக்கு இரண்டு அழுகைக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் அங்கேதான் பிடிபட்டது. பெரியப்பா அறுநூறு பேருக்கு முன்னால், லைட்டுக்கு நடுவில் அழுதார். தான் அழுததை மண்டபமே பார்த்தது அவருக்குத் தெரியும். அந்த அம்மா யாரும் பார்க்காத இடமாகத் தேடிப் போய் நின்றவர். போதாக்குறைக்கு, விடிகாலையிலேயே என்னை எடுக்காதே என்று வாயால் சொன்னவர்.

அந்த வழக்கத்தின் மேல் எனக்குக் கோபம் உண்டு. என் அக்காவும் அப்படி ஒதுங்கி நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் என் கோபத்தைச் சொல்ல இன்னொருத்தர் வீட்டுக் கல்யாணத்தின் 270 நொடியைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளக் கூடாது. வெட்டிவிட்டேன்.

பொண்ணுக்குக் கொடுத்த வாக்கு பாக்கி இருந்தது. மூன்று கார்டையும் திரும்ப ஓட்டினேன். பொண்ணு அறையில் தலை பின்னி ஜடை தைக்கும்போது, அந்த அம்மாவின் விரல்கள் மட்டும் ஒரு ஷாட்டில் இருந்தன. பின்னலை இழுத்துப் பிடித்து, வாயில் கவ்வியிருந்த ஊசியை எடுத்துக் குத்துகிற விரல்கள். கண்ணாடியில் அவர் முகம் ஃபோகஸ் இல்லாமல் கலங்கலாகத் தெரிந்தது. 50 ஃபிரேமில் எடுத்திருந்ததால் பாதி வேகத்துக்கு இறக்க முடிந்தது. மூன்று நொடி ஆறு நொடியானது. C0147-க்குப் பக்கத்தில் வைத்தால் சாதாரண ஷாட்தான். அதைத்தான் வைத்தேன்.

ஆல்பம் வாங்க அந்த அம்மாவும் பொண்ணின் தம்பியும் கடைக்கு வந்தார்கள். ஹைலைட்ஸ் போட்டுக் காட்டினேன். ஜடை தைக்கிற இடத்தில் தம்பி, “அம்மா, உன் கை” என்றான். அவர் தலையை மட்டும் ஆட்டினார். பையன் ஆல்பத்தைக் காரில் வைக்கப் போன சமயம் பார்த்து, “ஒண்ணு காட்டணும்மா, யாருக்கும் குடுக்கல” என்று சொல்லிவிட்டு C0147-ஐ ஓட்டினேன். ஒன்பது நொடி முடிந்தது. அவர் பேசவில்லை. இன்னொரு தடவை ஓட்டினேன்.

அழித்துவிடச் சொல்வார் என்று நினைத்தேன். பெண்ணுக்குக் கொடு என்றும் சொல்லலாம்.

“அங்கருந்து எனக்கு ஒண்ணுமே தெரியல தம்பி” என்றார். “நாத்தனா முடிச்சுப் போட்டாங்களா? எத்தன போட்டாங்க?”

முழு வீடியோவைத் திறந்து முன் கேமராவுக்குப் போனேன். மாப்பிள்ளை ஒரு முடிச்சு போட்டார். அவர் அக்கா பின்னாலிருந்து குனிந்து இரண்டு போட்டாள். அந்த அம்மா நாற்காலியை மானிட்டர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, “முதல்லருந்து போடு” என்றார்.