பதில் வராத மெயிலுக்கு ஒரு நாள் குறியுங்கள்

நமக்கு வந்த மெயில் இன்பாக்ஸில் கிடந்து உறுத்திக்கொண்டே இருக்கும். நாம் அனுப்பிய மெயிலோ Sent பகுதிக்குள் போய்விடுகிறது. அங்கே யாரும் தினமும் எட்டிப் பார்ப்பதில்லை. அதனால்தான் பதில் வரவில்லை என்பதே பல நாள் நமக்குத் தெரியாமல் போகிறது.

2018-ல் ஜிமெயில் இதற்கு ஒரு வசதி செய்தது. பதில் வராத சில மெயில்களை அதுவே இன்பாக்ஸின் மேலே கொண்டுவந்து, மறுபடி கேட்கிறீர்களா என்று நினைவூட்டும். Settings பகுதியில் Nudges என்ற பெயரில் இது இருக்கிறது. ஆனால் எந்த மெயிலை நினைவூட்டுவது என்பதை ஜிமெயில்தான் முடிவுசெய்யும். பணமும் கெடுவும் உள்ள மெயிலை அதன் பொறுப்பில் விடக்கூடாது. நாளை நாமே குறிக்க வேண்டும்.

ஒரு தையல் நிறுவனம் பள்ளிக்கூடம் ஒன்றுக்குச் சீருடை கொட்டேஷனைத் திங்கட்கிழமை அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த விலை 25-ம் தேதி வரைதான் செல்லும். அனுப்பிய கையோடு Sent பகுதிக்குப் போய், அந்த மெயிலில் கடிகாரப் படம் போட்ட Snooze பொத்தானை அழுத்தி, வெள்ளிக்கிழமை காலை 10 மணி என்று குறிக்க வேண்டும். போனில் மூன்று புள்ளிகளைத் தொட்டால் Snooze கிடைக்கும். குறித்த நேரத்தில் அந்த மெயில் இன்பாக்ஸின் மேலே வந்து நிற்கும். சனி, ஞாயிறைக் குறிப்பதில் பயனில்லை. அன்று கேட்டாலும் படிக்க ஆள் இருக்காது.

வெள்ளிக்கிழமை உடனே எழுதிவிடாதீர்கள். முதலில் ஸ்பாமைப் பாருங்கள். பிறகு அனுப்பிய முகவரியில் எழுத்துப்பிழை இருக்கிறதா, மெயில் சேரவில்லை என்ற அறிவிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். பள்ளியின் பெயரைப் போட்டும் தேடுங்கள். பலர் நம் மெயிலுக்குக் கீழே பதில் எழுதாமல், வேறு தலைப்பில் புது மெயிலாக அனுப்பிவிடுவார்கள். விடுப்பில் இருக்கிறேன் என்று தானாக வரும் மெயிலைப் பதிலாகக் கணக்கில் எடுக்காதீர்கள். அதில் திரும்பும் தேதி இருந்தால், அதற்கு மறுநாளுக்கு நினைவூட்டலைத் தள்ளிவையுங்கள்.

எதுவும் வரவில்லை என்றால் பழைய மெயிலிலேயே Reply அழுத்தி எழுதுங்கள். முன்பு எழுதியது கீழே இருக்கும், அவர் தேட வேண்டியதில்லை. ஆனால் இணைத்த கோப்பு கூடவே போகாது. கொட்டேஷனை மறுபடி இணைக்க வேண்டும். "வணக்கம் ஐயா, திங்களன்று அனுப்பிய சீருடை கொட்டேஷனைப் பார்த்தீர்களா? இந்த விலை 25-ம் தேதி வரை செல்லும். அதற்குள் முடிவைச் சொன்னால் துணி எடுக்க வசதியாக இருக்கும்." இவ்வளவு போதும். ஏன் பதில் போடவில்லை என்ற கேள்வி வேண்டாம்.

அவுட்லுக்கில் Follow Up கொடியை வைத்து, Add Reminder மூலம் நாளும் நேரமும் குறிக்கலாம். பதில் வந்தாலும் அந்தக் கொடி தானாக இறங்காது, நாம்தான் நீக்க வேண்டும்.

இரண்டாவது மெயிலுக்கும் உடனே ஒரு Snooze வையுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மூன்றாவது மெயில் எழுதாதீர்கள், போன் செய்யுங்கள்.