விளம்பரம் ஒன்றுக்கு இருபது கிரெடிட்

தீபாவளி நேரத்தில் ஓர் இனிப்புக் கடைக்காரர் ஏ.ஐ. செயலியில் விளம்பரப் படம் செய்ய உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதச் சந்தாவுக்கு 200 கிரெடிட், படம் ஒன்றுக்கு ஒரு கிரெடிட். அவருக்குத் தேவை எட்டு விளம்பரங்கள். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று தட்டிக்கொண்டே போனால் முதல் விளம்பரமே பாதியைத் தின்றுவிடும். பல சேவைகளில் மீதி கிரெடிட் அடுத்த மாதத்துக்கு வராது என்பதால், கஞ்சத்தனம் பார்ப்பதிலும் லாபமில்லை. கணக்குப் போட்டுத்தான் செலவழிக்க வேண்டும்.

முதலில் 40 கிரெடிட்டை அவசரத்துக்கு ஒதுக்கிவிடலாம். மீதி 160. எட்டால் வகுத்தால் விளம்பரத்துக்கு 20.

அந்த இருபதில் முதல் எட்டும் தேடலுக்கு. இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஒரே வாசகத்தைக் கொடுத்து எட்டுப் படம் எடுத்தால் எட்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் வரும். பித்தளைத் தாம்பாளம், கோலம் போட்ட வாசல், அகல்விளக்கு வரிசை, வெறும் மஞ்சள் பின்னணி என நான்கு வெவ்வேறு யோசனைக்கு இரண்டிரண்டு எடுங்கள். ஒன்றைத் தேர்ந்தபின் அடுத்த எட்டில் அதையே செதுக்கலாம். ஒரு சுற்றில் ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். வெளிச்சத்தையும் கோணத்தையும் சேர்த்து மாற்றினால் எதனால் நன்றாக வந்தது என்று தெரியாது. கடைசி நான்கு, சின்னப் பழுதுகளுக்கு. முழுப் படத்தையும் மறுபடி போடாமல், பழுதான இடத்தை மட்டும் குறித்துத் திருத்தும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். பெரிய அளவுப் படத்துக்குக் கூடுதல் கிரெடிட் பிடிக்கும் செயலியானால், தேர்ந்த ஒன்றை மட்டும் கடைசியில் பெரிதாக்குங்கள்.

எப்போது நிறுத்துவது? விரலைச் சரிசெய்தால் விளக்கு கோணுகிறது, விளக்கைச் சரிசெய்தால் தட்டு உடைகிறது என்றால் அதற்குமேல் அந்தப் படம் தேறாது. ஒரே பிழை மூன்று முறை வந்தால் வாசகத்தை மாற்றிப் பயனில்லை. அந்த மூலையை வெட்டிவிடுங்கள். இரண்டும் இல்லையென்றால், பழைய படத்தையும் புதியதையும் போனில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் அளவில் கடைப்பையனிடம் காட்டுங்கள். எது மேல் என்று அவன் யோசித்தால், பழையதே போதும். பேனருக்கு அச்சடிக்கும் படமென்றால் மட்டும் இன்னும் கொஞ்சம் மெனக்கெடலாம்.

தமிழ் எழுத்துக்காக ஒரு கிரெடிட்டும் வீணாக்க வேண்டாம். சில கருவிகளில் கொம்பும் காலும் இடம் மாறிக் கண்ணைக் குத்தலாம். எழுத்து வரும் இடத்தைக் காலியாக விடச் சொல்லி, பெயரையும் விலையையும் பிறகு நீங்களே சேருங்கள். உங்கள் அதிரசத்தையும் கருவியை வரைய விடாதீர்கள். வாங்க வருபவர் படத்தில் கண்டதைத்தான் கேட்பார். தட்டை ஜன்னலோரம் வைத்துப் போனில் எடுத்து அந்தப் பின்னணியில் ஒட்டுங்கள்.