நேர்முகத் தேர்வுக்கு ஒரு நாள் லீவு

டிஎன்பிஎஸ்சி குரூப் 1 மெயின்ஸ் தேறியாயிற்று. நேர்முகத் தேர்வு சென்னையில், 20ஆம் தேதி. பார்ப்பதோ கோயம்புத்தூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு வேலை. லீவு கேட்க வேண்டும். காரணம் இப்போதே தெரிய வேண்டாம்.

தெரிய வேண்டாம் என்பதில் கள்ளத்தனம் எதுவும் இல்லை. ஒரு பதவிக்கு ஒருவருக்கு மேல்தான் அழைக்கிறார்கள். கிடைக்காமலும் போகலாம். 'இவள் போகப்போகிறவள்' என்ற பேச்சு மட்டும் அலுவலகத்தில் தங்கிவிடும். சம்பள உயர்வு நேரத்தில் அது நினைவுக்கு வரும்.

பலர் உடனே எடுப்பது காய்ச்சலைத்தான். அது வேண்டாம். மருத்துவச் சான்று கேட்டால் பொய்ச் சான்றுக்கு அலைய வேண்டும். சென்ட்ரல் ஸ்டேஷனில் எடுத்த படத்தைத் தோழி ஸ்டேட்டஸில் போட்டாலே குட்டு உடைந்துவிடும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, அதன் கீழ் வரும் ஊழியருக்கு நோய்க்கு 12 நாள், நியாயமான வேறு காரணத்துக்கு 12 நாள் என்று தனித்தனியாகவே சம்பளத்துடன் விடுப்பு தருகிறது. சொந்த வேலைக்கு இரண்டாவது கணக்கு இருக்கும்போது முதலாவதில் ஏன் கைவைக்க வேண்டும்?

மேலாளருக்கு உண்மையில் கவலை, அன்றைய வேலை நிற்குமோ என்பதுதான். ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்கு மாதந்தோறும் வரி கட்டுவோருக்கு 20ஆம் தேதியே கடைசி நாள். அதனால் தேதி தெரிந்ததும் இப்படி எழுதலாம்: "சொந்த வேலையாக 20ஆம் தேதி ஒரு நாள் தற்செயல் விடுப்பு வேண்டும். 3பி தாக்கலை 18ஆம் தேதிக்குள் முடித்துவிடுகிறேன். அவசரமென்றால் மாலையில் அழைக்கலாம்." பிறகு சொன்னபடி முடித்துவிட வேண்டும், அடுத்த முறை கேள்வியே வராது. முந்தைய இரவு சேரன் எக்ஸ்பிரஸ், அன்றிரவே திரும்பும் வண்டி என்றால் ஒரு நாள் போதும். சான்றிதழ் சரிபார்ப்பு வேறு நாளில் இருந்தால் அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும்.

"என்னம்மா வேலை?" என்று கேட்டால், "சென்னை வரைக்கும் போகணும் சார், தள்ளிப்போட முடியாது" போதும். "இன்டர்வியூவா?" என்று நேராகவே கேட்டுவிட்டால் மறுக்காதீர்கள். "முடிவானதும் முதல்ல உங்ககிட்டதான் சொல்வேன் சார்." அவருக்குப் புரிந்துவிடும்தான், ஆனால் பொய்யர் என்று பெயர் வராது. பின்னாளில் விடுவிப்புக் கடிதம் தரப்போவதும் அவர்தான்.

ராஜினாமாவை நேர்முகத் தேர்வு முடிந்த கையோடு நீட்ட வேண்டாம். இறுதிப் பட்டியல், மருத்துவப் பரிசோதனை, காவல்துறை சரிபார்ப்பு எல்லாம் தாண்டித்தான் நியமன ஆணை வரும். உங்கள் நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்பதை மட்டும் இப்போதே பழைய பணி ஆணையில் பார்த்து வையுங்கள்.

இவ்வளவும் தனியார் ஊழியருக்குத்தான். ஏற்கெனவே அரசுப் பணியிலோ பொதுத்துறை நிறுவனத்திலோ இருப்பவர் மேலதிகாரிக்குத் தெரிவித்து, தடையின்மைச் சான்று வாங்கியாக வேண்டும். அவர் மறைக்க வழியில்லை.