கோடு சுற்றிவந்து சேர வேண்டும்

நான்கு கால், நான்கு சட்டம், மேலே ஒரு பலகை: முக்கியமான வேலை அவ்வளவுதான் ஒரு ஸ்டூலில். ஆனாலும் வீட்டில் முதன்முதலாகச் செய்யும் ஸ்டூல் பெரும்பாலும் ஆடும். ரம்பம் கோணலாகப் போனதென்றும் உளி மழுங்கியதென்றும் நினைப்போம். நான் பார்த்தவரை, தவறு அதற்கு முன்பே, கோடு போடும்போதே நடந்துவிட்டிருக்கும்.

ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். கால்கள் 45 மி.மீ. சதுரம். சட்டம் 60 மி.மீ. அகலம், 24 மி.மீ. கனம். சட்டத்தின் முனையில் 8 மி.மீ. கனமும் 25 மி.மீ. நீளமும் உள்ள கழுந்து. அது காலில் போடும் துளைக்குள் இறங்க வேண்டும். இரண்டு கால்களுக்கு இடையே தெரியும் சட்டம் 270 மி.மீ. என்றால், மொத்த நீளம் 320.

கோடு போடுமுன் காம்பினேஷன் ஸ்கொயரைச் சோதித்துவிடுங்கள். அமெரிக்கரான லெராய் ஸ்டாரட் 1879-இல் காப்புரிமை பெற்ற கருவி இது. தலைப்பகுதியைத் தளர்த்தி, அளவுகோலில் எங்கு வேண்டுமானாலும் நகர்த்தி இறுக்கலாம். கீழே விழுந்தாலோ, பள்ளத்தில் தூசி அடைந்தாலோ நேர்கோணம் பிசகும். விளிம்பு நேரான ஒரு பலகையில் தலையை அழுத்தி ஒரு கோடு போடுங்கள். ஸ்கொயரை மறுபுறம் திருப்பி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் கருவி சரி. 200 மி.மீ. தள்ளி 1 மி.மீ. விலகினால், உண்மையான பிழை அதில் பாதி. அதுவே கழுந்தின் தோளில் இடைவெளியாகக் கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது, மரத்தில் நன்றாக இழைத்த ஒரு பக்கத்தையும் அதற்கு நேர்கோணமான ஒரு விளிம்பையும் தேர்ந்து, பென்சிலால் அடையாளமிடுவது. இனி எந்த அளவும் இந்த இரண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். இது ஏன் என்பதை மார்க்கிங் கேஜ் காட்டிவிடும். அதன் முள்ளை 8 மி.மீ.க்கு வைத்து, அடையாளமிட்ட பக்கத்தை ஒட்டி எல்லாச் சட்டங்களிலும் இழுங்கள். பிறகு 16-க்கு வைத்து, அதே பக்கத்திலிருந்தே இழுங்கள். ஒரு சட்டம் 23.5 மி.மீ. கனமாக இருந்தாலும் கழுந்து 8 மி.மீ.யாகவே நிற்கும். குறைந்த அரை மில்லிமீட்டர் ஸ்டூலின் உட்பக்கம் போய் ஒளிந்துகொள்ளும். மாறாக, இரு புறமிருந்தும் 8 வைத்துக் கீறியிருந்தால் அந்தக் கழுந்து 7.5-ஆகி, துளைக்குள் லொடலொடக்கும்.

அதே அமைப்பில், திருகைத் தொடாமல், காலின் வெளிப்பக்கத்திலிருந்தும் கீற வேண்டும். காலும் சட்டமும் வெளியே ஒரே தளமாக அமையும். முள்ளை ஒரேயடியாக அழுத்தினால் அது மரத்தின் ரேகையோடு ஓடிவிடும். கேஜைச் சற்றே சாய்த்து, முள் பின்னால் இழுபடும்படி, முதல்முறை தொட்டும் தொடாமலும், இரண்டாம் முறை சற்று அழுத்தியும் இழுங்கள். அழுத்தம் முள்ளில் இருப்பதைவிட, மரத்தை ஒட்டிய கட்டையில் இருப்பதே முக்கியம்.

நீளக் கோடுகளுக்கு டேப்பை நான்கு முறை பிடிக்காதீர்கள். நான்கு சட்டங்களையும் சேர்த்துக் கிளாம்பில் இறுக்கி, 270 மி.மீ. இடைவெளியில் இரண்டு கோடுகளை அடையாள விளிம்புகளின் குறுக்கே ஒரே இழுப்பில் போடுங்கள். நீளம் ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் நான்கும் ஒன்றாகத் தவறும். ஸ்டூல் கோணாது.

பிறகு சட்டங்களைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கோட்டை நான்கு பக்கமும் சுற்றிக் கொண்டுவர வேண்டும். கூர்மையாகச் சீவிய எச் பென்சிலின் நுனியை முதலில் கோட்டில் வைத்து, ஸ்கொயரை அதனருகே தள்ளிக்கொண்டு வாருங்கள். தச்சர்கள் காதில் செருகும் தட்டைப் பென்சிலின் கோடு இந்த வேலைக்குத் தடிமன். இரு அகலப் பக்கங்களுக்கும் ஸ்கொயரின் தலை அடையாள விளிம்பில். எதிர் விளிம்புக்கு, அடையாளப் பக்கத்தில். கடைசிக் கோடு தொடங்கிய இடத்தில் வந்து சேர வேண்டும். சேரவில்லையென்றால் ரம்பத்தை எடுக்காதீர்கள். ஸ்கொயரை முன்பே சோதித்தாயிற்று. ஆகவே இழைத்த பக்கமும் விளிம்பும் நேர்கோணத்தில் இல்லை. மறுபடி இழைத்துவிட்டுத்தான் கோடு.

துளைக்கு, கேஜை 12-க்கு வைத்து நடுக்கோடு கீறி, டிரில் இறங்கும் புள்ளிகளை ஆணி முனையால் குத்திவிடுங்கள். குழியில்லாத இடத்தில் 8 மி.மீ. பிட் வழுக்கும். ரம்பமும் தன் பல்லின் அகலத்துக்கு மரத்தைத் தின்னும். அதனால் வேண்டாத பக்கத்தில் பெருக்கல் குறி போட்டு, கோட்டுக்கு அந்தப் புறமாகவே அறுங்கள். 8-இல் நிற்கும் கேஜின் திருகை மட்டும், நான்கு கால்களும் நான்கு சட்டங்களும் முடியும்வரை தளர்த்திவிடாதீர்கள்.