ராசிக் கட்டத்தில் புதன்

பிறப்பு ஜாதகத்தின் ராசிக் கட்டத்தில் ‘பு’ என்று குறித்திருக்கும் இடமே புதன் நின்ற ராசி. படிப்பு, பேச்சு, கணக்குப் பார்த்து முடிவெடுக்கும் திறன் ஆகியவற்றை ஜோதிட மரபு இந்தக் கிரகத்தின் பொறுப்பில் விட்டிருக்கிறது. வித்யாகாரகன் என்ற பெயரும் இதனால் வந்ததே. புதன் எந்த ராசியில் இருக்கிறது, லக்னத்திலிருந்து எத்தனையாவது வீட்டில் இருக்கிறது என்ற இரண்டும் தெரிந்தால் பலன் பார்க்கத் தொடங்கலாம்.

பூமியிலிருந்து பார்க்கும்போது புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகுவதில்லை. ஆகவே ஜாதகத்தில் அது சூரியன் இருக்கும் ராசியிலோ அதற்கு முந்தைய அல்லது அடுத்த ராசியிலோதான் இருக்க முடியும். பங்குனி மாதத்தில், சூரியன் மீனத்தில் இருக்கும்போது பிறந்த குழந்தைக்குப் புதன் கும்பம், மீனம், மேஷம் ஆகிய மூன்றில் ஒன்றில்தான் இருக்கும். வேறு ராசியில் ‘பு’ காணப்பட்டால், கட்டம் போட்டதிலேயே பிழை என்று உடனே சொல்லிவிடலாம்.

ராசி காட்டுவது சிந்தனையின் போக்கை. மிதுனமும் கன்னியும் புதனின் சொந்த வீடுகள். மிதுனத்தில் நின்றால் பலவற்றை வேகமாகக் கற்று, பேசிப் பேசியே தெளிவு பெறும் இயல்பு என்பார்கள். கன்னி அதற்கு உச்ச வீடும் ஆகும். பிரித்து ஆராய்ந்து, பிழை தேடி, சரிபார்த்த பிறகே முடிவுக்கு வரும் மனம் அது. நேர் எதிரே உள்ள மீனத்தில் புதன் நீசம் பெறுகிறது. நீசம் என்றதும் படிப்பு வராது என்று பெற்றோர் அஞ்சுவது தேவையற்றது. விவரத்தை வரிசையாகப் பிடிப்பதைவிட முழுமையை உணர்ந்து பிடிக்கும் மனம் என்பதே அதன் பொருத்தமான விளக்கம். இப்படிப்பட்டவர் கதையாகச் சொன்னதை மறக்கமாட்டார்; அட்டவணையை மனப்பாடம் செய்யத் திணறுவார்.

ஆனால் புதன் சாதாரணமாக இரண்டு, மூன்று வாரம் ஒரே ராசியில் இருக்கும். வக்ரம் வந்தால் இன்னும் நீளும். அந்த நாட்களில் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் புதன் ராசி ஒன்றுதான். வீடு அப்படியல்ல. லக்னம் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுவதால் வீடும் மாறுகிறது. தனி மனிதருக்கு உரிய செய்தி வீட்டில்தான் இருக்கிறது. ‘ல’ என்று குறித்த கட்டத்தை ஒன்றாக வைத்து வலமாக எண்ண வேண்டும். இரண்டாம் வீடு வாக்கு, நான்கு கல்வி, ஐந்து புத்தி. புதன் எந்த வீட்டில் நிற்கிறது என்பதோடு, மிதுனமும் கன்னியும் எந்த வீடுகளாக வருகின்றன என்பதையும் பார்க்க வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு கற்பனை ஜாதகம். பங்குனி 20 வாக்கில், சென்னையில், காலை ஒன்பது மணிக்குப் பிறப்பு. லக்னம் ரிஷபம். மீனத்தில் சூரியன் 20 பாகை, புதன் 5 பாகை, கூடவே உச்சம் பெற்ற சுக்கிரன். ரிஷபத்துக்கு மிதுனம் இரண்டாம் வீடு, கன்னி ஐந்தாம் வீடு. ஆக வாக்குக்கும் புத்திக்கும் புதனே அதிபதி. அது நிற்பதோ லாபமும் நட்பும் குறிக்கும் பதினோராம் வீட்டில். நண்பர்களோடு சேர்ந்து படிக்கும்போது பாடம் பதியும், பேச்சு மனத்தைத் தொடும், நாலு பேரைக் கேட்டே முடிவெடுப்பார் என்று படிக்கலாம். உச்ச சுக்கிரன் உடன் இருப்பதால் இதை நீசபங்கம் என்றே பல ஜோதிடர்கள் கொள்வார்கள். சூரியனுக்கு 14 பாகைக்குள் வரும் புதனை அஸ்தங்கம் என்பது வழக்கம். இங்கே இடைவெளி 15 என்பதால் அந்தக் குறை மயிரிழையில் தப்பியது.

அதே குழந்தை காலை எட்டு மணிக்குப் பிறந்திருந்தால் லக்னம் மேஷம். அதே புதன் இப்போது பன்னிரண்டாம் வீட்டில். அதிபத்தியமும் மூன்று, ஆறு என்று மாறிவிடுகிறது. தனிமையில் படிப்பவர், முடிவை வெளியே சொல்லாதவர் என்று பலன் திரும்பிவிடும்.

இந்தப் பலன்கள் மரபு வழி வந்த விளக்கங்களே. அறிவியல் சோதனையில் நிறுவப்பட்டவை அல்ல. 1985இல் நேச்சர் இதழில் ஷான் கார்ல்சன் வெளியிட்ட சோதனையில், மேலைநாட்டு ஜோதிடர்களால் ஜாதகத்தையும் அதற்குரியவரின் குணக்குறிப்பையும் தற்செயலைவிடச் சிறப்பாகப் பொருத்த முடியவில்லை. பள்ளியில் எந்தப் பாடப்பிரிவு எடுப்பது என்பதைப் புதனை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. பிள்ளையின் ஆர்வத்தையும் ஆசிரியர் சொல்வதையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பலன் சொல்வதற்கு முன் மருத்துவமனைக் குறிப்பிலுள்ள பிறந்த நேரத்தைச் சரிபார்ப்பது அவசியம். புதன் ராசியின் தொடக்கத்திலோ முடிவிலோ நின்றால், கட்டம் வாக்கியப் பஞ்சாங்கப்படி போட்டதா, திருக்கணிதப்படி போட்டதா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டிலும் கிரக நிலை வேறுபடுவதுண்டு. ஒன்றில் மீனத்தில் நிற்கும் புதன் மற்றொன்றில் கும்பத்தில் இருக்கக்கூடும்.